உயரம் 145 செ.மீ-க்குக் கீழே இருந்தால் பிரசவம் சிக்கலாகுமா? கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறீர்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறார்கள். கூடவே சுவரோரம் நிற்கவைத்து உயரத்தையும் அளந்து அட்டையில் எழுதுகிறார்கள். எடை ஒவ்வொரு முறையும் மாறும், உயரம் மாறாது. பிறகு ஏன் அளக்கிறார்கள்?

இந்த ஓர் எண், நகரத்துப் பெண்ணைவிட காட்டுப்பள்ளி மாதிரியான ஊரில் இருக்கும் பெண்ணுக்கு அதிகம் தேவைப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, ஒரு பக்கம் வங்கக்கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக இருக்கிற மீனவ கிராமம் அது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளோடு அதே சாலையில்தான் 108 ஆம்புலன்ஸும் வர வேண்டும். அங்கே வலி எடுத்த பிறகு 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்' என்று முடிவெடுப்பது காலம் கடந்த முடிவாகிவிடலாம். முன்கூட்டியே முடிவெடுக்க உதவுகிற தகவல்களில் ஒன்றுதான் உயரம்.

உயரத்துக்கும் பிரசவத்துக்கும் என்ன தொடர்பு?

குழந்தை வெளியே வர, தாயின் இடுப்பெலும்பு வளையத்தைக் கடந்தாக வேண்டும். அந்த வளையத்தின் நுழைவாயில் முன்னிருந்து பின்னாக சுமார் 10.5 முதல் 11 செ.மீ. இருக்கும். நிறைமாதக் குழந்தையின் தலை, காதுக்கு மேலே பக்கவாட்டில் சுமார் 9.5 செ.மீ. அதாவது, எல்லாம் சரியாக இருக்கும்போதே மிச்சமிருக்கும் இடம் ஒரு விரல் அகலம்தான்.

உயரம் குறைந்த பெண்களில் பலருக்கு இந்த வளையமும் சற்றுச் சிறியதாக இருக்கும். குள்ளமான குடும்பத்தில் பிறந்து, உடல் முழுவதும் அளவாக வளர்ந்த பெண்களும் உண்டு. ஆனால், சிறு வயதில் சத்தான சாப்பாடு இல்லாமலும் அடிக்கடி நோய்வாய்ப்பட்டும் வளர்த்தி தடைபட்டவர்களுக்கு, கால் எலும்போடு சேர்ந்து இடுப்பெலும்பும் முழு அளவை எட்டாமல் போகலாம். இடுப்பெலும்பு, உயரம் நின்ற பிறகும் சில காலம் விரிந்துகொண்டிருக்கும் எலும்பு. அதனால் 20 வயதுக்குள் தாயாகும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

தலைக்கும் வளையத்துக்கும் பொருந்தாதபோது, கர்ப்பப்பை எவ்வளவு அழுத்தினாலும் குழந்தை இறங்காது. இதைத்தான் தடைபட்ட பிரசவம் என்கிறார்கள். மணிக்கணக்கில் நீடித்தால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். தாயின் கர்ப்பப்பை கிழியலாம். தலைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கிய சிறுநீர்ப்பை புண்ணாகி, பிரசவமான சில நாள்களில் கட்டுப்பாடின்றி சிறுநீர் கசிய ஆரம்பிக்கலாம்.

145-ஆ, 140-ஆ?

தேசியக் குடும்ப நல ஆய்வுகள் 145 செ.மீ-க்குக் குறைவான உயரத்தை ஆபத்துக்கான அளவாக எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி நடக்கும் மத்திய அரசின் இலவச கர்ப்பகால பரிசோதனைத் திட்டத்தில், 140 செ.மீ-க்குக் குறைந்தால் அதிக ஆபத்துள்ள கர்ப்பம் என்று குறித்து, அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அடிக்கணக்கில் சொன்னால், 145 என்பது ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம்; 140 என்பது 4 அடி 7 அங்குலம். இடைவெளி இரண்டே அங்குலம்.

அதனால்தான் அளக்கும் விதம் முக்கியமாகிறது. செருப்போடு நின்றாலோ, கொண்டையின் மேல் அளவுகோலை வைத்தாலோ ஓர் அங்குலம் கூடிவிடும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய பெண் சாதாரணப் பட்டியலுக்குப் போய்விடுவார். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரைத் தொட, நேராகப் பார்த்தபடி நிற்க வேண்டும். தலையில் தட்டையான பலகை தொடும் இடமே சரியான அளவு. வயிறு பெரிதானால் முதுகு வளைந்து அளவு குறையும் என்பதால், முதல் பரிசோதனையிலேயே அளந்துவிடுவது நல்லது. 'எவ்வளவு உயரம்மா?' என்று கேட்டு எழுதினால், 'அளந்தே எழுதுங்க சிஸ்டர்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டு பெண்கள், இரண்டு பிரசவம்

உயரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு ஓர் உதாரணம். காட்டுப்பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள், இருவருக்கும் தலைப்பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 143 செ.மீ., இன்னொருவர் 155 செ.மீ.

143 செ.மீ. பெண்ணின் பெயரைக் கிராம சுகாதார செவிலியர் தன் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கிறார். உடனே சிசேரியன் என்று அர்த்தமில்லை. 37 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் வயிற்றைத் தொட்டு, குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். நம் பெண்களில் பலருக்கு வலி வந்த பிறகுதான் தலை இறங்கும் என்பதால், இறங்காததை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. ஸ்கேனில் தெரியும் குழந்தையின் எடையும் தோராயமே. 10 சதவிகிதத்துக்கு மேல்கூட மாறலாம். ஆகவே, அறுவை சிகிச்சை அரங்கு, மயக்க மருத்துவர், ரத்தம் எல்லாம் தயாராக இருக்கும் இடத்தில் இயல்பாக வலி வர விட்டுப் பார்ப்பதே வழி. ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை அப்படிப்பட்ட ஓர் இடம். தேதிக்குச் சில நாள் முன்பே அவர் அங்கே போய்விட்டார். குழந்தையின் தலை வளையத்துக்குப் பொருந்தியது; சுகப்பிரசவம். உயரம் குறைந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் பெற்றெடுக்கிறார்கள்.

155 செ.மீ. பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. காலை 6 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்திருந்தது. அங்கே 'பார்டோகிராம்' என்ற வரைபடத் தாளில் பிரசவம் முன்னேறுவதைக் குறிப்பார்கள். மணிக்கு 1 செ.மீ. வீதம் திறக்க வேண்டும் என்று ஒரு கோடு அதில் இருக்கும். 1970-களில் ரொடீசியாவில், தூரத்து கிராமங்களின் செவிலியர் எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அறிய மருத்துவர் பில்பாட் உருவாக்கிய கோடு அது. அதன்படி 10 மணிக்கு 8 செ.மீ. இருக்க வேண்டும், இருந்ததோ 6 செ.மீ. தலையும் இறங்கவில்லை, குழந்தையின் முகம் திரும்பியிருந்த விதம் சரியில்லை. உடனே 108-ல் அனுப்பினார்கள். (இந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. அதன் புதிய தாள் 5 செ.மீ-லிருந்துதான் நேரத்தைக் கணக்கிடுகிறது.)

ஆக, உயரத்தை வைத்து யாரை முன்கூட்டியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று சொல்லலாம். யாருக்குப் பிரச்னையே வராது என்று சொல்ல முடியாது.

செய்யக் கூடாதவை

'நீ சின்ன உடம்பு, புள்ள பெருத்துட்டா கஷ்டம்' என்று சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாப்பாடு குறைந்தால் குழந்தையின் சதைதான் முதலில் குறையும். தலை அவ்வளவாகக் குறையாது. தாய்க்கு ரத்தசோகை வந்தால் பிரசவ ரத்தப்போக்கைத் தாங்க முடியாது.

வலி வேகமாக வரட்டும் என்று வீட்டிலோ சின்ன கிளினிக்கிலோ ஊசி போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து. வழி அடைபட்டிருக்கும்போது வலியைக் கூட்டினால் கர்ப்பப்பை கிழியும்.

மருத்துவரிடம் உயரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவையும் உண்டு. சிறு வயதில் போலியோ வந்ததா, காலை விந்தி நடக்கிறீர்களா, முதுகு வளைந்திருக்கிறதா, இடுப்பில் அடிபட்டதா? முந்தைய பிரசவம் ஆயுதம் போட்டோ, சிசேரியனிலோ நடந்ததா? ஏற்கெனவே நிறைமாதக் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றிருந்தால், குள்ளமாக இருந்தாலும் கவலை குறைவு.

இன்று உங்கள் அட்டையை எடுத்து உயரம் எழுதியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தாலோ, 145-க்குக் கீழே இருந்தாலோ, அடுத்த பரிசோதனையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'எனக்கு வலி வந்தா நேரா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?'