எட்டு வோல்ட்டுக்கு மோட்டார் சொல்லும் பதில்

சிறு ரோபோ வண்டி ஒன்றை நேராக ஓட்ட வேண்டுமானால் அதன் இரு சக்கரங்களும் கேட்ட வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்காக மோட்டாரின் வேகத்தை அளந்து, குறைந்தால் வோல்டேஜை ஏற்றி, கூடினால் இறக்கும் நிரல் ஒன்றை எழுதுவார்கள். பிழைக்கு உடனடியாகப் பதில் தரும் எண் ஒன்று, பிழையைச் சேர்த்துவைத்துப் பதில் தரும் எண் ஒன்று என்று அதில் இரண்டு கெயின்கள் இருக்கும். பலர் இந்த இரண்டையும் திருகித் திருகித்தான் கண்டுபிடிக்கிறார்கள். மேசைமேல் ஒழுங்காக ஓடிய வண்டி, தரையில் இறங்கியதும் உதறுகிறது. மோட்டாரிடமே முதலில் கேட்டிருந்தால் இந்தத் திருகல் பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.

கேட்கும் முறை எளிது. கண்ட்ரோலரை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் வோல்டேஜை ஒரே தாவலில் ஏற்றி, வேகம் எப்படி உயர்கிறது என்று பதிவுசெய்வது. கார்பன் பிரஷ் வைத்த டி.சி. மோட்டார் இதற்கு நல்ல சாட்சி. அது வேகம் எடுக்க எடுக்க உள்ளே எதிர் மின்னழுத்தம் வளர்கிறது. அதனால் மின்னோட்டம் குறைகிறது, உந்தும் விசையும் குறைகிறது. ஆகவே வேகம் முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் ஏறி ஓர் எல்லையில் நிற்கிறது. இந்த வளைவை விவரிக்க மூன்று எண்கள் போதும்: ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்ற கெயின் K, மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட ஆகும் காலமாறிலி τ, அசையத் தொடங்கும் முன் கழியும் தாமதம் θ.

உதாரணத்துக்கு 12 வோல்ட் கியர் மோட்டார் ஒன்றை வைத்துக்கொள்வோம். வெளித் தண்டு ஒரு சுற்று சுற்றினால் என்கோடர் 1320 துடிப்புகளை எண்ணுகிறது. நிரல் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வேகத்தைக் கணக்கிடுகிறது. இந்த இடைவெளியில் ஒரே ஒரு துடிப்பு கூடினாலும் வேகம் 4.5 ஆர்பிஎம் மாறியதாகத் தெரியும். வரைபடம் படிக்கட்டுபோல் இருப்பது இதனால்தான், மோட்டார் பழுதானதால் அல்ல. ஒரே தாவலைப் பலமுறை செய்து சராசரி எடுத்தால் படிகள் மழுங்கிவிடும்.

தாவல் பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கூடாது. நின்றிருக்கும் மோட்டாரில் பிரஷ்ஷும் கியரும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடி விடும்வரை எதுவும் அசையாது. அந்தக் காத்திருப்பு τ-விலும் θ-விலும் கலந்து இரண்டையும் கெடுத்துவிடும். ஆகவே முதலில் 4 வோல்ட்டில் ஓடவிட்டு, வேகம் நிலைத்த பிறகு 8 வோல்ட்டுக்குத் தாவ வேண்டும்.

நம் உதாரணத்தில் 4 வோல்ட்டில் 100 ஆர்பிஎம், 8 வோல்ட்டில் 220 ஆர்பிஎம். மாற்றத்தை மாற்றத்தால் வகுத்தால் K = 120 ÷ 4 = 30. வெறுமனே 220-ஐ 8-ஆல் வகுத்திருந்தால் 27.5 வந்திருக்கும். உராய்வு விழுங்கும் ஏறத்தாழ 0.67 வோல்ட்டையும் மோட்டாரின் கணக்கில் சேர்த்துவிட்டதால் வரும் பிழை அது.

அடுத்து நேரம். 120 ஆர்பிஎம் மாற்றத்தில் 28.3 சதவீதம் முடிவது 40-ஆவது மில்லிவிநாடியில், 63.2 சதவீதம் முடிவது 100-ஆவது மில்லிவிநாடியில். இரண்டுக்கும் இடையிலுள்ள 60-ஐ ஒன்றரையால் பெருக்கினால் τ = 90 மில்லிவிநாடி. 100-இல் அதைக் கழித்தால் θ = 10 மில்லிவிநாடி. கிடைத்த மாதிரி இது:

```
n(t) = 100 + 120·(1 − e^(−(t − 0.01)/0.09))
```

இரண்டு புள்ளிகளை மட்டும் நம்ப மனம் வராதவர்கள், பதிவான எல்லாப் புள்ளிகளோடும் மிகக் குறைந்த பிழை வரும்படி ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்த வளைவைப் பொருத்திக்கொள்ளலாம். அளவீட்டையும் வளைவையும் கழித்துக் கிடைக்கும் மிச்சத்தைப் பார்ப்பது முக்கியம். மிச்சம் பூஜ்யத்தின் இருபக்கமும் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் மாதிரி சரி. ஒரு பக்கமாகவே வளைந்து போனால் வேறேதோ நடக்கிறது. பேட்டரி வோல்டேஜ் தாவலின்போது சரிந்திருக்கலாம். ஏறும் தாவலும் இறங்கும் தாவலும் வெவ்வேறு τ தந்தால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்: துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியில் மோட்டாரைத் தளர்த்திவிடும் டிரைவர்களில் வேகம் தன் போக்கில்தான் இறங்கும்.

இனி கெயின்கள். ஜீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் தந்த விதிகள் இன்றும் பாடப்புத்தகங்களில் உண்டு. ஆனால் அவை ஆட்டத்தைச் சற்றுத் தாராளமாகவே அனுமதிப்பவை. மோட்டாருக்கு வேறொரு வழி பொருத்தமானது. கட்டுப்பாட்டில் இருக்கும்போது மோட்டார் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதை λ என்ற ஒரே எண்ணாக நாமே முடிவுசெய்கிறோம். மற்றவை கணக்கில் வந்துவிடும்:

```
Kp = τ / (K·(λ + θ))
Ki = Kp / τ
```

பேராசைக்காரர் λ = 10 மில்லிவிநாடி என்று வைப்பார். Kp = 0.15 வரும். வேகத்தில் 100 ஆர்பிஎம் கூடக் கேட்டால் அக்கணமே 15 வோல்ட் கூடத் தேவை. மொத்தமே 12 வோல்ட்தான் இருக்கிறது. என்கோடரின் ஒரு படிச் சிதறலும் 0.68 வோல்ட் அதிர்வாக மோட்டாருக்குப் போகும். அந்தச் சிதறலை அடக்க யாராவது ஐந்து அளவீடுகளின் சராசரியைச் சேர்ப்பார்கள். அது 20 மில்லிவிநாடித் தாமதத்தைக் கொண்டுவரும். மொத்தத் தாமதம் 30 ஆனதும், ஆட்டம் அடங்குவதற்கு இருக்க வேண்டிய கோண இடைவெளி ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 4 பாகைக்குச் சரிகிறது. மேசைமேல் ஓடி, தரையில் உதறும் வண்டிகளில் பலவற்றின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

λ = 80 மில்லிவிநாடி என்று வைத்தால் Kp = 0.033, Ki = 0.37. அதே 30 மில்லிவிநாடித் தாமதம் வந்தாலும் 70 பாகைக்கு மேல் மிஞ்சுகிறது. மோட்டார் தானாக எடுக்கும் நேரத்தைவிட இது பெரிதாக விரைவல்ல. ஆனால் சுமை கூடினாலும் பேட்டரி இறங்கினாலும் கேட்ட வேகம் கிடைக்கும். திறந்த ஓட்டத்தில் அது கிடைக்காது. விரைவு வேண்டுமென்றால் λ = 40 வரை இறங்கலாம். அப்போது Kp = 0.06, அதே 30 மில்லிவிநாடித் தாமதத்தில் மிச்சம் 55 பாகை. அதற்குக் கீழே போக விரும்புபவர் முதலில் சராசரியைக் கைவிட்டு, துடிப்பு அதிகமுள்ள என்கோடரை வாங்குவதே நல்லது.

நம்பிக்கை ஒரே ஒரு சோதனையால் வந்துவிடாது. 6-லிருந்து 10 வோல்ட், 8-லிருந்து 4 வோல்ட், மோட்டார் சூடேறிய பிறகு, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடையைச் சுமந்தபடி என்று சோதனை விரிய வேண்டும். K-யின் மதிப்பு 27 முதல் 33 வரையும் τ 75 முதல் 130 வரையும் சிதறுகிறது என்று கொள்வோம். λ = 80-க்கான கெயின்களை அந்த ஓரங்களில் வைத்துப் பார்த்தால், ஒரு முனையில் மோட்டார் மெதுவாகத் தவழ்ந்து வேகத்தை எட்டுகிறது. மறுமுனையில் இலக்கைச் சற்றே தாண்டிவிட்டு இறங்குகிறது. இரண்டிலும் உதறல் இல்லை. இந்தச் சிதறலுக்குள் எங்கே இருந்தாலும் ஓடும் கெயினைத்தான் நம்பலாம். ஒரே புள்ளிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கெயின் அடுத்த பேட்டரியோடு பொய்த்துவிடும்.

கடைசிச் சோதனைக்கு முன்பே விடையை எழுதிவைக்க வேண்டும். 120-லிருந்து 180 ஆர்பிஎம் கேட்டால், λ = 80-இல் வேகம் 158-ஐத் தொடுவது சுமார் 90-ஆவது மில்லிவிநாடியில்; வோல்டேஜ் 4.67-லிருந்து உடனே 6.67-க்கு ஏறி அங்கேயே ஏறத்தாழ நிற்கும். பிறகு ஓட்டிப் பார்ப்பது. இலக்கைத் தாண்டி மெதுவாகத் திரும்பினால் உண்மையான τ நினைத்ததைவிடப் பெரியது. சிறுசிறு அலையாக வேகமாக ஆடினால் கணக்கில் வராத தாமதம் எங்கோ ஒளிந்திருக்கிறது. குறைந்த வேகத்தில் மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தால் அது உராய்வு. அப்போது கெயினைத் தொட வேண்டாம். முதல் சோதனையில் கிடைத்த 0.67 வோல்ட்டை நிரலிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிட வேண்டும்.