உடலும் உணவும்: கோப்பியைக் குறைக்கும்போது வரும் தலைவலி

விரத நாட்களில் மத்தியானம் கடந்ததும் வந்து இறங்கும் தலைவலியை வெறும் வயிற்றின் குற்றமென்றே நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்ளுகிறோம். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் நாவற்குடாத் தாய்மாரிடமும், ரமழானின் முதல் இரண்டு மூன்று நோன்புகளில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மஃரிபுக்குக் காத்திருக்கும் அயலூர்க் காத்தான்குடி அன்பர்களிடமும் விசாரித்தால், பசியையும் வெயிலையும் சொல்லுவார்களேயொழிய, அன்று காலையில் தாங்கள் குடிக்காமல் விட்ட கோப்பியை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. பட்டினியும் தாகமும் தலைவலியைத் தரும் என்பது மெய்தான்; ஆயினும் நாள்தோறும் மூன்று நான்கு கோப்பி குடித்துப் பழகியவருக்கு அந்த வலியின் பெரும்பங்கு கோப்பி நின்றதனால் வருவதாகவே இருக்கக்கூடும்.

கோப்பியிலுள்ள கஃபீன் என்னும் வஸ்து மூளையில் செய்யும் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய்ப் பற்றிக்கொள்ளும்போது சோர்வும் தூக்கமும் உண்டாவதோடு மூளையின் இரத்தக் குழாய்களும் விரிந்துகொடுக்கின்றன. கஃபீனோ அந்த ஏற்பிகளில் முந்திச் சென்று அமர்ந்து, அடினோசினை அண்டவிடாமல் தடுத்துவிடுகிறது; ஆகையால் சோர்வு தெரிவதில்லை, குழாய்களும் ஒடுங்கியே நிற்கின்றன. நாள்தோறும் இவ்வாறு தடைபடுவதை உணர்ந்த சரீரம் அதற்கு ஈடாக ஏற்பிகளின் தொகையைப் பெருக்கிக்கொள்கிறது. பின்னர் ஒருநாள் கோப்பி திடீரென்று நின்றுபோனால், பெருகி நிற்கும் ஏற்பிகள் யாவும் அடினோசினுக்குத் திறந்துவிடப்பட, குழாய்கள் வழமைக்கு மேலாக விரிந்து தலை முழுவதும் விண்விண்ணென்று தெறிக்கிறது.

இது வெறும் அனுமானமன்று. 1943 ஆம் ஆண்டிலேயே டிரைஸ்பாக், பைஃபர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், சில நாட்கள் கஃபீன் குளிகைகளைக் கொடுத்துவந்து பிறகு அவற்றைத் திடீரென்று நிறுத்தியபோது, உட்கொண்டவர்களுட் பெரும்பாலோருக்குத் தலைவலி கண்டதைப் பதிவு செய்தார்கள். 1992 இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்மை இன்னும் சிந்திக்க வைக்கிறது: நாளொன்றுக்குச் சராசரி இரண்டரைக் கோப்பையளவே குடிக்கும் சாதாரண மனிதர் 62 பேரை ஆராய்ந்ததில், கஃபீன் நிறுத்தப்பட்டபோது ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நடுத்தரமானதோ கடுமையானதோ ஆன தலைவலி வந்தது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பைக் கோப்பி குடிப்பவருக்குங்கூட இவ்வுபாதை நேரலாம் என்பது பிற்கால ஆராய்ச்சிகளின் முடிவு.

இந்தத் தலைவலியை அடையாளங் காண்பது கடினமன்று. கடைசிக் கோப்பிக்குப் பின் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் அது தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் உச்சத்தை அடையும். இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரையில் நின்று தானே ஓய்ந்துபோகும். ஒருபுறமாக நில்லாமல் தலை முழுவதும் பரவுவதும், கூடவே சோர்வும் எரிச்சலும் புத்தி ஒன்றில் நிலையாமையும் சேர்ந்துவருவதும் இதன் லட்சணங்கள். ஒரு கோப்பி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வலி கரைந்துபோகுமானால் சந்தேகம் பெரிதும் தீர்ந்துவிடும். அப்படியன்றி, இடி விழுந்தாற்போல் சடுதியாக வந்த வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கைகால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றோடு வரும் வலி எதுவும் கோப்பியின் கணக்கில் எழுதிவைக்கத் தக்கதன்று. தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

குறைக்கும் முறைக்கு வருவோம். இதற்கு வேண்டிய கருவி நம் குசினிகளில் முன்னமே இருக்கிறது என்பதே நான் விசேஷமாகச் சொல்ல விரும்பும் செய்தி. மல்லியை வறுத்து இடித்துக் கோப்பித்தூளோடு கலந்து குடிக்கும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. மல்லியில் கஃபீன் கிடையாது. ஆதலால் கோப்பித்தூளை ஒரு போத்தலிலும் வறுத்த மல்லித்தூளை வேறொரு போத்தலிலும் வைத்துக்கொண்டு, தேக்கரண்டியால் அளந்து ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டிக்கொண்டே போகலாம். கோப்பையும் நேரமும் சூடும் மாறாமல் இருப்பதால், பழக்கத்தை முறித்துக்கொண்ட வருத்தம் மனத்துக்குத் தெரியாது.

உதாரணமாக, காலை ஆறு மணி, பத்து மணி, மத்தியானம், பின்னேரம் நான்கு மணி, இரவு எட்டு மணி என்று நாளுக்கு ஐந்து கோப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டித் தூள் இட்டுக் குடிக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் முதலில் கைவைக்க வேண்டியது இரவுக் கோப்பி. உடலிற் புகுந்த கஃபீனிற் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லுமாகையால், தூக்கத்தைக் கெடுப்பது அதுவே. முதல் ஐந்து நாள் அந்த இரவுக் கோப்பையில் அரைக் கரண்டிக் கோப்பியும் அரைக் கரண்டி மல்லியும். அடுத்த ஐந்து நாள் முழுவதும் மல்லி, வேண்டுமானால் ஒரு துண்டு இஞ்சி. பிறகு பின்னேரக் கோப்பைக்கும், அதன் பின் மத்தியானக் கோப்பைக்கும் இதே முறை. இவ்வாறு ஆறு படிகள், முப்பது நாள்; ஐந்து கரண்டி இரண்டாகிவிடும். அநேகருக்கு அவ்விடத்தில் நின்றுவிடுவதே போதுமானது. முற்றாக நிறுத்த விரும்புவோர் மிஞ்சிய இரண்டையும் கால் கால் கரண்டியாகக் குறைத்துவர வேண்டும். ஏனெனில் மொத்தம் சிறுத்த பிறகு அதே அரைக் கரண்டி பெரிய பங்காகிவிடுகிறது. காலைக் கோப்பி கடைசியாகவே போக வேண்டும்: இரவு முழுதும் கஃபீனின்றிக் கிடந்த மூளை அதைத்தான் எதிர்பார்த்து விழிக்கிறது.

ஒரு படி இறங்கியதும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலை கனத்தால், இறக்கம் அதிகம் என்று பொருள். அப்போது முந்திய படிக்கு ஏறி நான்கைந்து நாள் நின்று, மீண்டும் கால் கரண்டியளவே இறங்குவது உத்தமம். ஐந்து கோப்பிக்கே திரும்பிவிட வேண்டியதில்லை.

இம்முயற்சி பிழைப்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, விட்ட கோப்பிக்குப் பதிலாகச் சாயம் ஏறிய தேத்தண்ணி குடிப்பது. அதிலும் கோப்பியிற் பாதியளவு கஃபீன் உண்டாகையால் அதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். மற்றொன்று, மறைவானதாகையால் அபாயம் மிகுந்தது: தலைவலிக்கென்று கடையில் வாங்கும் சில குளிகைகளில் பரசிட்டமோலோடு 65 மில்லிகிராம் அளவில் கஃபீனும் சேர்ந்திருக்கிறது. அதை விழுங்கியவுடன் வலி நீங்கும். நாள் தவறாமல் விழுங்கினாலோ கோப்பிக்குப் பதில் குளிகைக்கு அடிமையாகி, குளிகையாலேயே தலைவலி வரும் நிலை நேரும். உறையின் மேல் எழுதியிருப்பதை வாசித்து, கஃபீனில்லாத சாதாரண பரசிட்டமோலை, அதுவும் தாங்க முடியாத நாளில் மட்டும், எடுத்துக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகளின் உடலில் கஃபீன் நெடுநேரம் தங்கும். அவர்கள் எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதைத் தம் கிளினிக்கில் கேட்டறிந்து செய்வதே முறை. சத்திரசிகிச்சைக்காகப் பட்டினியிருக்கப் போகிறவர்களும் தாம் குடிக்கும் கோப்பியின் அளவை வைத்தியரிடம் சொல்லிவைப்பது நன்று. சிகிச்சைக்குப் பின் விழித்தெழும்போது வரும் தலைவலிக்குக் கோப்பி நின்றுபோனதும் ஒரு காரணமாக அறியப்பட்டிருக்கிறது.

விரதமோ நோன்போ பிடிக்க எண்ணியிருக்கும் வாசகர்கள் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இரவுக் கோப்பியிலிருந்து தொடங்குவார்களாக.