புத்தகம், புத்தகத்தை, ஏதோவொரு புத்தகத்தை

தெஹ்ரானில் கடைத்தெருவிலிருந்து திரும்பும் ஒருவர் ‘கெதாப் கரீதம்’ என்கிறார். கெதாப் என்றால் புத்தகம், கரீதம் என்றால் வாங்கினேன். வாங்கியது ஒன்றா நான்கா என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதும் இப்படித்தான். ஆங்கிலத்துக்கு இது போதாது. ஒன்று என்றால் முன்னால் ‘எ’ வேண்டும், பல என்றால் பன்மை வேண்டும். மொழிபெயர்ப்பவர் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘தி’ என்பதற்கு நேரான தனிச் சொல் எழுத்துப் பாரசீகத்தில் இல்லை. அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது செயப்படுபொருளுக்குப் பின்னால் வரும் ‘ரா’. ‘கெதாப் ரா கரீதம்’ என்றால், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரிந்த புத்தகம் அது. ஆங்கிலத்தில் தயங்காமல் ‘தி புக்’ என்று எழுதலாம். நம் ‘புத்தகத்தை வாங்கிவிட்டேன்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்வதும் இதுவே. அதனால் தமிழ்க் காதுக்கு ‘ரா’ சீக்கிரம் பழகிவிடும். பேச்சில் அது தேய்ந்து ‘கெதாபோ’ என்று ஒலிக்கும்.

இன்னொரு ஒட்டு ‘ஈ’. ‘கெதாபீ கரீதம்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், கேட்பவருக்குப் புதியது. ஆங்கிலத்தில் ‘எ புக்’.

இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? ‘கெதாபீ ரா கான்தம்’: ஒரு புத்தகத்தைப் படித்தேன். எது என்று சொல்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ‘எ’தான் வரும். ‘ரா’வைக் கண்டதுமே ‘தி’ போடுகிறவர் முதலில் தவறுவது இங்கேதான்.

இதைவிடப் பெரிய பொறி ‘கே’ என்ற இணைப்புச் சொல்லில் இருக்கிறது. ‘கெதாபீ ரா கே கரீதே பூதம், கான்தம்.’ நான் வாங்கியிருந்த புத்தகத்தைப் படித்தேன் என்று பொருள். ‘ஈ’யைப் பார்த்து ‘எ புக்’ என்று எழுதினால் பெரும்பாலும் பிழையாகிவிடும். இங்கே ‘ஈ’ புதுப் பொருளை அறிமுகம் செய்யவில்லை. எந்தப் புத்தகம் என்பதைப் பின்னால் வரும் வாக்கியம் வரையறுக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிறது. வரையறை கிடைத்துவிட்டதால் ஆங்கிலம் ‘தி’ கேட்கிறது. ஐயம் வந்தால் ஒரு சோதனை உண்டு. பெயருக்கு முன்னால் ஒன்று என்னும் பொருளுள்ள ‘யெக்’கை வைத்துப் பார்க்கலாம். அந்த இடத்தில் அது இயல்பாகப் பொருந்தினால் ‘எ’ சரி, உறுத்தினால் ‘தி’.

எழுவாய்க்கு ‘ரா’ வராது என்பதால் அங்கே இந்த உதவி இல்லை. ‘மர்த் ஆமத்’ என்றால் தெரிந்த மனிதர் வந்தார், ‘மர்தீ ஆமத்’ என்றால் யாரோ ஒருவர் வந்தார். எழுவாயில் ஒட்டே இல்லாத பெயர் ‘தி’ பக்கம் சாய்கிறது, செயப்படுபொருளில் அதே வெறும் பெயர் ‘தி’யை விட்டு விலகுகிறது. ‘மெஹ்மான் தாரம்’ என்று ஒருவர் சொன்னால் வீட்டில் விருந்தாள் இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் அதைப் பன்மையாக்கி, முன்னால் எதுவும் சேர்க்காமல் ‘ஐ ஹாவ் கெஸ்ட்ஸ்’ என்று விடுவதே இயல்பு.