வீட்டைப் பார்க்கவே காசா?

பெங்களூரில் வேலை கிடைத்து, ஊரிலிருந்தபடியே கைபேசியில் வீடு தேடுகிறவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. உதாரணமாக, பெல்லந்தூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட், கட்டில் ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு, வாடகை 18,000 ரூபாய் என்று ஒரு விளம்பரம் வரும். அந்தப் பக்கத்தில் இப்படியொரு வீட்டுக்கு ஏறக்குறைய இருமடங்கு கேட்பார்கள். படங்களெல்லாம் வேறொரு விளம்பரத்திலிருந்து சுட்டவை.

அழைத்தால் 'உரிமையாளர்' மரியாதையாகப் பேசுவார். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டது என்பார். கேட்காமலேயே அடையாள அட்டையின் படத்தை அனுப்புவார். அந்த அட்டை யாரோ ஒரு வீரரிடமிருந்து திருடியதாகவோ, போலியாகவோ இருக்கும். நேரில் வர முடியாததற்குக் காரணமும், சீருடை மேல் நமக்கிருக்கும் மதிப்பும் ஒரே கதையில் கிடைத்துவிடுவதால்தான் இந்த வேஷம்.

அடுத்தது கேட் பாஸ். "செக்யூரிட்டி உள்ளே விட 2,500 ரூபாய் கட்டுங்க, வீடு பார்த்ததும் திரும்பி வந்துடும்." கட்டினால், சிஸ்டத்தில் ஏறவில்லை, அதே தொகையை இன்னொரு முறை அனுப்பினால் இரண்டும் சேர்ந்து திரும்பும் என்பார். முதலில் போனதை மீட்கும் ஆசையில்தான் பலர் இரண்டாவது முறையும் அனுப்புகிறார்கள். பணம் திரும்ப வர கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்வதும் உண்டு. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின்னை அழுத்தினால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விருந்தாளியை உள்ளே விட, குடியிருப்பவர் செயலியில் அனுமதி கொடுப்பார், அல்லது வாசலிலிருந்து இன்டர்காமில் கேட்பார்கள். வீடு பார்க்க வருபவரிடம் முன்பணம் வாங்கும் வழக்கம் கிடையாது. சந்தேகமிருந்தால், நுழைவாயில் பெயர்ப்பலகையில் தொடங்கி வீட்டுக்குள் போகும்வரை நேரலை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். அந்த ஊரில் தெரிந்தவர் இருந்தால், வாசல் காவலாளியிடம் அந்த ஃப்ளாட் எண்ணைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கச் சொல்வது இன்னும் நல்லது. பணம் வாங்கும் யுபிஐ கணக்கின் பெயரையும் பாருங்கள். அது உரிமையாளர் சொன்ன பெயராக இல்லாமல் 'என் அக்கவுண்டன்ட்' என்று விளக்கம் வந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் செய்யுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் கேட்கலாம். பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பின்னை நீங்களே அழுத்தியிருப்பதால், வங்கி தன் பொறுப்பில் ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புகாருக்குப் பிறகு சிலருக்கு இன்னொரு அழைப்பும் வரும்: போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று. காவல்துறை அப்படிக் கட்டணம் கேட்பதில்லை.