தொட்டி மாற்றிய செடிக்கு உடனே உரம் போடலாமா? எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் ஒரு செம்பருத்தி வாங்கினேன். கறுப்பு கவரைக் கிழித்து, வேரோடு சுற்றியிருந்த மண்ணை உதறி, 10 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். 'புது வீடு, நல்லா சாப்பிடட்டும்' என்று அன்று மாலையே 19:19:19 உரத்தில் ஒரு தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். புதன்கிழமை இலை ஓரங்கள் காபி நிறத்தில் கருகத் தொடங்கின. மண் ஈரமாக இருந்தும் செடி வாடியது. தண்ணீர் போதவில்லை என நினைத்து இன்னும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் செடி போய்விட்டது.

தப்பு எங்கே நடந்தது?

ஈர மண்ணில் செடி ஏன் வாடியது?

செடி பெரும்பாலான தண்ணீரைத் தடிமனான வேர்களால் உறிஞ்சுவதில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மெல்லிய வேர்த்தூவிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மண்ணை உதறும்போது முதலில் அறுபடுவதும் அவைதான். மேலே இலைகள் அப்படியே இருக்க, கீழே தண்ணீர் எடுக்கும் திறன் பாதியாகக்கூடக் குறைந்திருக்கலாம்.

ரசாயன உரம் என்பது அடிப்படையில் உப்பு. வெட்டிய மாங்காயில் உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் தண்ணீர் விடும் இல்லையா? பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இதுதான். உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போகும். வேருக்கு வெளியே உப்பு கூடினால், உள்ளே வர வேண்டிய தண்ணீர் வருவது குறையும். இன்னும் கூடினால் வேரிலிருக்கும் தண்ணீரே வெளியேறும். நல்ல வேர் ஓரளவு தாங்கும். காயம்பட்ட வேர் தாங்காது.

நான் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி என்பது சுமார் 5 கிராம். அரை லிட்டரில் கலந்தால், லிட்டருக்கு 10 கிராம். ஆரோக்கியமான தொட்டிச் செடிக்கே லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் போதும்.

கட்டிங்குக்கு என்ன விதி?

வெட்டி நட்ட குச்சியில் வேரே இல்லை. உரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லாத வீட்டில் பார்சலை வைத்துவிட்டு வருவது போலத்தான். குச்சி தன் தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டே வேர் விடும். உப்பு மிகுந்த ஈரம் வெட்டுவாயை அழுகச் செய்யலாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரோஜாக் குச்சியில் இரண்டு இலை துளிர்த்ததும் 'பிடிச்சிருச்சு' என்று உரம் போடுவார்கள். அந்தத் துளிர் தண்டின் சேமிப்பிலேயே வந்திருக்கலாம், கீழே வேர் இல்லாமலே. குச்சியை மிக மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுப்பது போலத் தெரிந்தால் வேர் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் வைத்த மணி பிளான்ட் என்றால் வேர் 3 முதல் 5 செ.மீ. வளர்ந்த பின் மண்ணுக்கு மாற்றுங்கள். அங்கே புது இலை விரியும்வரை உரம் வேண்டாம்.

அப்படியானால் எப்போது தொடங்குவது?

மண்புழு உரமோ மக்கிய சாணமோ கலந்த மண்ணுக்கு மாற்றியிருந்தால் 4 முதல் 6 வாரம் பொறுக்கலாம். அந்தக் கலவையிலேயே உணவு இருக்கிறது. வெறும் கோகோபீட்டில் சத்து மிகக் குறைவு. அதில் இருக்கும் செடியை அவ்வளவு நாள் பட்டினி போட முடியாது. புது வளர்ச்சி தெரிந்ததுமே, பெரும்பாலும் 2 முதல் 3 வாரத்தில், லேசாகத் தொடங்கலாம். தேதியைவிடப் புதுத் துளிர்தான் நம்பகமான அடையாளம். ஆனால் அது வேர் பிடித்த செடியின் துளிராக இருக்க வேண்டும்.

முதல் தவணை லிட்டருக்கு அரை கிராம். அதாவது, நான் அரை லிட்டரில் கலந்த அதே ஒரு தேக்கரண்டியை 10 லிட்டர் வாளியில் கலக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். இரண்டு வாரம் பார்த்து, இலை நுனி கருகாவிட்டால் அளவை மெல்லக் கூட்டலாம்.

'ஆர்கானிக்தானே, ஒன்றும் ஆகாது' என்பதும் சரியல்ல. மக்காத சாணமும் கடலை, கடுகுப் புண்ணாக்கும் மண்ணில் அழுகும்போது சூடும் அம்மோனியாவும் உண்டாகும். இளம் வேருக்கு இரண்டுமே ஆகாது.

ஏற்கெனவே போட்டுவிட்டேனே!

இலை ஓரம் கருகுவது, மண்மேல் வெள்ளைப் படலம், ஈரம் இருந்தும் வாடுவது ஆகியவை அடையாளங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடிய விடுங்கள். கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதே உப்பு மறுபடி மேலே ஏறும். பிறகு நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். கருகிய இலை பச்சையாகாது. அடுத்து வரும் இலை சுத்தமாக இருந்தால் வேர் பிழைத்துவிட்டது.

நான் அந்தப் புதன்கிழமை செய்திருக்க வேண்டியது இதைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிய தண்ணீர் உப்பை வெளியேற்றவில்லை, வேரை மூழ்கடித்தது.