அரபு கற்கும் தமிழரின் ஒலிப்பிழைகளும் சொல்லொழுங்குப் பிழைகளும்

முன்னுரை

இரண்டாம் மொழியைக் கற்போர் தம் தாய்மொழிப் பழக்கத்தை அம்மொழியிலும் ஏற்றிவிடுவதைத் தாய்மொழிக் குறுக்கீடு என்பர். அரபு கற்கும் தமிழரிடம் இது ஒலிப்பிலும் பெயர்த்தொடர் அமைப்பிலும் தெளிவாகப் புலப்படுகிறது. இவ்விரண்டிலும் பொருளையே மாற்றிவிடும் பிழைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒலி மயக்கம்

தமிழ்க் ககரம் நாவின் அடிப்பகுதி அண்ணத்தைப் பொருந்தப் பிறக்கிறது. அரபியிலோ இதனையொத்த எழுத்துகள் இரண்டு உள்ளன. ஒன்று ஏறக்குறைய தமிழ்க் ககரமே; மற்றொன்று நாவின் அடி இன்னும் பின்சென்று உள்நாக்கைத் தொடப் பிறப்பது. இரண்டின் பெயரையும் தமிழில் ‘காஃப்’ என்றே எழுத நேர்கிறது. உள்நாக்கு ஒலியில் தொடங்கும் ‘கல்ப்’ இதயத்தைக் குறிக்கும். மற்றதில் தொடங்கும் ‘கல்ப்’ நாயைக் குறிக்கும். வாளைக் குறிக்கும் ‘ஸைஃப்’, கோடையைக் குறிக்கும் ‘ஸைஃப்’ ஆகியவற்றின் நிலையும் இதுவே. இரண்டாவதில் ஸகரம் ஒலிக்கும்போது நாவின் பின்பகுதி உள்வாங்கும்.

தமிழ் எழுத்துப்பெயர்ப்பின்வழிக் கற்பவருக்கு இவ்வேறுபாடு கண்ணுக்கே தெரிவதில்லை. கேட்கும்போது மெய்யைக் காட்டிலும் அடுத்துவரும் உயிரே நல்ல அடையாளமாகும். ‘இதயம்’ எனும் பொருளுடைய சொல்லில் அகரம் பின்சென்று கனத்து ஒலிக்கும்; ‘நாய்’ எனும் பொருளுடைய சொல்லில் அது முன்வந்து எகரச் சாயல் பெறும்.

சொல்லொழுங்கு

தமிழில் அடை பெயருக்கு முன்வரும், அரபியில் பின்வரும். ‘ஆசிரியரின் புதிய நூல்’ என்பதை அரபியில் ‘நூல், ஆசிரியர், புதிய’ என்னும் வரிசையில் ‘கிதாபுல் முதர்ரிஸில் ஜதீது’ என அமைக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் தமிழ் வரிசையிலேயே ‘முதர்ரிஸ் ஜதீத் கிதாப்’ என்பர். இப்பிழை எளிதில் கண்ணில் படுவதால் விரைவில் திருத்தப்படுகிறது.

வரிசையைத் திருத்திக்கொண்ட பின்னும் எஞ்சும் பிழையே கவனத்திற்குரியது. ‘புதிய ஆசிரியரின் நூல்’ எனும் பொருளைத் தமிழ் அடையின் இடத்தை மாற்றிக் காட்டுகிறது. அரபியில் இடம் மாறுவதில்லை. ஈற்றுயிர் மட்டும் மாறி ‘கிதாபுல் முதர்ரிஸில் ஜதீதி’ என்றாகும். உகர ஈறு நூலையும், இகர ஈறு ஆசிரியரையும் தழுவும். அடையின் முன்னுள்ள ‘அல்’ எனும் சுட்டை விட்டு ‘கிதாபுல் முதர்ரிஸி ஜதீதுன்’ என்றால், அது தொடராக நில்லாமல் ‘ஆசிரியரின் நூல் புதியது’ எனும் முழு வாக்கியமாகிவிடும். தமிழைப் போலவே அரபியிலும் இத்தகைய வாக்கியத்திற்கு வினை வேண்டியதில்லை. ஆகவே மாணவர் சொன்னது இலக்கணப் பிழையற்றதாகவே ஒலிக்கும். அவர் கருதிய பொருள் மட்டும் அதில் இராது.

முடிவுரை

தமிழில் எழுத்தும் சொல்லின் இடமும் உணர்த்துவனவற்றை அரபியில் நுண்ணிய ஒலிகளும் ஈறுகளும் உணர்த்துகின்றன. எனவே எழுத்துப்பெயர்ப்பைத் தொடக்கத்திலேயே கைவிட்டு, ஒலியிணைகளைக் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியையும், மேற்கண்ட மூன்று அமைப்புகளையும் ஒருசேர வைத்து ஒப்பிடும் பயிற்சியையும் அளிப்பது பயன்தரும்.