சாய்வில் நிற்கும் மூட்டை

லாரியின் பின்பக்கம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் 40 கிலோ அரிசி மூட்டை. மேலே நிற்பவர் கயிற்றைப் பலகைக்கு இணையாக 120 நியூட்டன் விசையால் இழுத்துப் பிடித்திருக்கிறார்; மூட்டை அசையவில்லை. சாய்வு 30 பாகை, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. உராய்வு விசை எவ்வளவு?

பதினொன்றாம் வகுப்பில் இதைக் கேட்டால் பலரும் 173 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

g-யை 10 என்று வைத்துக்கொண்டால் மூட்டையின் எடை 400 நியூட்டன், நேர் கீழ்நோக்கி. மூட்டை நகர்ந்தால் பலகையோடுதான் நகரும். அதனால் எடையையும் பலகையை ஒட்டி ஒன்று, அதற்குச் செங்குத்தாக ஒன்று என இரண்டு கூறுகளாகப் பிரிக்கிறோம். எதற்கு சைன், எதற்கு கோசைன் என்று குழம்பினால், பலகையை மனத்துக்குள் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். கோணம் 0 ஆகும்போது மூட்டை சறுக்காது. ஆகவே 0 ஆகிவிடும் சைன்தான் சறுக்கும் கூறுக்கு உரியது.

சறுக்கும் கூறு: 400 sin 30° = 200 நியூட்டன்
பலகையை அழுத்தும் கூறு: 400 cos 30° ≈ 346 நியூட்டன்

அழுத்தும் கூறுக்குச் சமமாகப் பலகை திருப்பித் தள்ளுகிறது. அந்தச் செங்குத்து விசையை 0.5 ஆல் பெருக்கினால் 173 வரும். ஆனால் இது உராய்வு தரக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. மூட்டை அசையாமல் இருக்கும்வரை, தேவைப்படும் அளவுக்குத்தான் உராய்வு விசை எழும். கீழே இழுப்பது 200, மேலே இழுப்பது 120. மீதி 80 நியூட்டனை உராய்வு மேல்நோக்கித் தாங்குகிறது. 80 என்பது 173-க்குள் அடங்குவதால் மூட்டை நிற்கிறது. விடை 80.

இப்போது கயிற்றை 250 நியூட்டனுக்கு இறுக்குங்கள். மூட்டை மேலே நகரப் பார்க்கிறது. உராய்வு திசை மாறி, கீழ்நோக்கி 50 ஆகிறது. சரியாக 200-ல் இழுத்தால் உராய்வே இல்லை! 'உராய்வு எப்போதும் மேல்நோக்கி' என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். முதலில் உராய்வை மறந்துவிட்டு, மூட்டை எந்தப் பக்கம் நகரப் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு எதிர்த்திசையில் அம்புக்குறியைப் போடுங்கள்.

கயிற்றில் 27 முதல் 373 நியூட்டன் வரை எந்த விசை இருந்தாலும் மூட்டை அப்படியே நிற்கும். 27-க்குக் கீழே போனால் சறுக்கும். அதன் பிறகு இயக்க உராய்வுக் குணகத்தைத்தான் எடுக்க வேண்டும். அது 0.4 என்றால், கயிற்றை முழுதாக விட்டதும் உராய்வு சுமார் 139, மிஞ்சும் விசை 61. அதை 40 ஆல் வகுத்தால் முடுக்கம் ஏறக்குறைய 1.5 மீ/வி².

கயிறு பலகைக்கு இணையாக இல்லாமல் சற்றே மேல்தூக்கி இழுத்தால் செங்குத்து விசையே 346-லிருந்து குறைந்துவிடும். அப்போது கயிற்றின் விசையையும் இரண்டாகப் பிரித்த பிறகுதான் உராய்வைத் தொட வேண்டும்.